அமைதியான நகர்த்தலுக்கு முன் எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கேட்பது எப்படி: சதுரங்கத்தில் புரோஃபிலாக்ஸிஸ், படிப்படியாக

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் சதுரங்க வகுப்பு நடத்துகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் தந்திரக் கணக்குகளை நன்றாகப் போடுவார்கள். இரண்டு நகர்த்தலில் மேட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். ஆனால் போட்டித் தாள்களைப் பார்த்தால் தோல்விகள் பெரும்பாலும் வேறோர் இடத்தில் தொடங்குகின்றன. பலகையில் செக் இல்லை, வெட்டு இல்லை, அவசரம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஏதோ ஒரு காயை 'சும்மா' நகர்த்துகிறார்கள். எதிராளி தான் நினைத்ததைத் தடையில்லாமல் செய்துகொள்கிறான். ஐந்தாறு நகர்த்தல் கழித்துத்தான் வலி தெரிகிறது.

அந்த அமைதியான நேரத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. எதிராளியின் திட்டத்தை அவன் தொடங்கும் முன்பே மடக்கும் நகர்த்தலை சதுரங்க உலகில் புரோஃபிலாக்ஸிஸ் என்பார்கள். இதை ஒரு கொள்கையாக எடுத்துச் சொன்னவர் நிம்சோவிச். 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்த பெட்ரோசியானும், 1975-இல் சாம்பியன் ஆன கார்போவும் இதை வைத்தே எத்தனையோ ஆட்டங்களை வென்றார்கள். நாம் ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1974-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த ஒலிம்பியாடில் கார்போவ் வெள்ளையில், மேற்கு ஜெர்மனியின் உன்சிக்கர் கறுப்பில். ஒரே ஆட்டத்துக்குள் எளிய உதாரணமும் இருக்கிறது, கடினமானதும் இருக்கிறது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் நகர்த்தல்கள்

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bb5 a6 4.Ba4 Nf6 5.O-O Be7
6.Re1 b5 7.Bb3 d6 8.c3 O-O 9.h3 Na5 10.Bc2 c5
11.d4 Qc7 12.Nbd2 Nc6 13.d5 Nd8 14.a4 Rb8
15.axb5 axb5 16.b4 Nb7 17.Nf1 Bd7 18.Be3 Ra8
19.Qd2 Rfc8 20.Bd3 g6 21.Ng3 Bf8 22.Ra2 c4
23.Bb1 Qd8
```

படி 1: அவன் கடைசியாக ஆடியதை முதலில் முடித்துவிடுங்கள்

எதிராளி காயை வைத்தவுடன் இரண்டு கேள்விகள். இந்த நகர்த்தல் எதையாவது நேரடியாக மிரட்டுகிறதா? இந்தக் காய் முன்பு நின்ற இடத்தில் எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எது திறந்துகொண்டது? மிரட்டல் இருந்தால் அதைக் கவனியுங்கள். உங்களுக்கே வெட்டோ செக்கோ இருந்தால் அதைக் கணக்கிடுங்கள். இதெல்லாம் முடிந்து, உடனடியாக எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. எதிராளியின் தொலைதூரத் திட்டத்தை அருமையாகக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த நகர்த்தலில் விழப்போகும் குதிரையைப் பார்க்காமல் விடுவது எங்கள் வகுப்பில் அடிக்கடி நடக்கிறது.

படி 2: உங்கள் முறையை மனதுக்குள் அவனுக்குக் கொடுங்கள்

நீங்கள் இந்த முறை ஒன்றும் ஆடவில்லை, எதிராளியே மறுபடியும் ஆடுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். எதை ஆடுவான்? அதற்குப் பிறகு எதை? 'அவனுக்கு என்ன வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் பிள்ளைகள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் நான் மூன்று இடங்களில் தேடச் சொல்வேன். ஒன்று, அவனுடைய காய்களில் சும்மா கிடப்பது எது, அது எந்தக் கட்டத்துக்குப் போக ஆசைப்படும்? இரண்டு, எந்தச் சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் திறக்கப் பார்ப்பான்? மூன்று, எந்தக் காயை மாற்றிக்கொண்டால் அவனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மிரட்டலைத் தேடுகிறார்களே தவிர, எதிராளி வெறும் மாற்று வெட்டுக்காக ஏங்குவான் என்பது தோன்றுவதில்லை. நெருக்கடியில் இருப்பவனுக்கு ஒரு ஜோடி யானை பலகையை விட்டுப் போனாலே பாதி நிம்மதி. கீழே வரும் பெரிய உதாரணம் இதைப் பற்றியதுதான்.

ஆச்சிமார் பல்லாங்குழி ஆடும்போது கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கைதேர்ந்த ஆச்சி தன் குழியிலிருந்து முத்துக்களை அள்ளும் முன், எதிரே இருப்பவர் அடுத்து எந்தக் குழியை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார். அள்ளுவது அதற்கு அப்புறம்தான்.

இப்போது பலகையில் எட்டாவது நகர்த்தல் வரை வையுங்கள். கறுப்பு கேஸ்லிங் செய்துவிட்டது. வெள்ளையின் திட்டம் தெளிவானது: c3 வைத்தாயிற்று, அடுத்து d4 தள்ளி நடுப்பலகையைப் பிடிக்க வேண்டும். முறையைக் கறுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். சும்மா கிடக்கும் காய் c8 பிஷப். d6 தள்ளியதால் அதற்கு வழி திறந்திருக்கிறது. அது போக விரும்பும் இடம் g4. அங்கே வந்துவிட்டால் f3 குதிரை 'பின்' ஆகிவிடும், அதாவது நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி வெட்டுப்படும் என்பதால் கட்டுண்டு நிற்கும். அந்தக் குதிரைதான் d4-ஐத் தாங்க வேண்டிய காய். ஆக கறுப்பின் ஆசை நேராக நம் திட்டத்தின் காலைப் பிடிக்கிறது.

கார்போவ் ஆடியது 9.h3. சிப்பாய் ஒரே ஒரு கட்டம் நகர்ந்தது, g4 மூடிக்கொண்டது. இரண்டு நகர்த்தல் கழித்து, 11-ஆவது முறையில், d4 நிம்மதியாக வந்தது.

படி 3: அந்த ஆசை நடந்தால் உங்களுக்கு வலிக்குமா?

எல்லா ஆசையையும் தடுக்க வேண்டியதில்லை. அவனுடைய திட்டம் அவனுக்கே உதவாததாக இருந்தால் விட்டுவிடுங்கள், அவன் நேரத்தைச் செலவழிக்கட்டும். 9.h3-க்குப் பதிலாக உடனே 9.d4 ஆடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆடலாம். 9...Bg4 வந்தாலும் வெள்ளை தோற்றுவிடாது, வலுவான ஆட்டக்காரர்களே அதை ஆடுகிறார்கள். ஆனால் d4-இல் அழுத்தம் வரும், நடுப்பலகையை எப்படி வைத்துக்கொள்வது என்ற முடிவை வெள்ளை அவசரமாக எடுக்க வேண்டிவரும். h3-க்கு ஒரு முறை செலவாகிறது, அதற்குப் பதிலாக அந்தத் தொல்லை நீங்குகிறது. நடுப்பலகை இன்னும் மூடியிருப்பதால் ஒரு முறையைச் செலவழிக்க முடிகிறது. பலகை திறந்து, காய்கள் மோதத் தொடங்கியபின் அதே h3 பெரிய தாமதமாகிவிடும்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: எந்தக் காய், எந்தக் கட்டம், வந்தால் எனக்கு என்ன கெடுதல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். 'c8 பிஷப் g4-க்கு வந்தால் f3 குதிரை பின் ஆகி என் d4 பலவீனமாகும்' என்பது சரியான வாக்கியம். 'ஏதாவது வந்துவிடுமோ என்று h3 வைத்தேன், சார்' என்பது பயம்.

இந்தப் பயத்து h3 எங்கள் பக்கத்துப் பள்ளிப் போட்டிகளில் மிகச் சாதாரணம். கறுப்பு இன்னும் d சிப்பாயையே தொடவில்லை, c8 பிஷப்பால் g4-க்கு வரவே முடியாது, அப்போதே h3 விழுகிறது. ஒரு முறை வீண். இன்னொரு வகை இதைவிட மோசம். வெள்ளை ராஜா பக்கமாகவும் கறுப்பு ராணி பக்கமாகவும் கேஸ்லிங் செய்திருக்கிறது, கறுப்பு g சிப்பாயை ஓட்டிவரப் போகிறது. அங்கே h3 வைத்தால் g5, g4 என்று வரும் சிப்பாய் மோதித் திறப்பதற்கு நாமே ஒரு பிடி கொடுத்ததாகிவிடும். தடுக்க வைத்த சிப்பாயே கதவைத் திறந்துவிடும். அதனால் சிப்பாயால் தடுக்கும் முன் இன்னொரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சிப்பாய் பின்னால் வர முடியாது, இது விட்டுப்போகும் கட்டங்களும் வந்து நிற்கும் இடமும் அவனுக்கு உதவுமா? காயாலேயே தடுக்க முடிந்தால் காய்தான் மேல். காய் திரும்பி வரலாம்.

படி 4: தடுக்கும் நகர்த்தல் உங்கள் திட்டத்தையும் நகர்த்துகிறதா?

இங்கேதான் சுமாரான தடுப்பும் நல்ல தடுப்பும் பிரிகின்றன. இப்போது பலகையை 23...Qd8 வரை கொண்டுவாருங்கள்.

நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு நிற்கின்றன: வெள்ளைக்கு d5, e4, கறுப்புக்கு d6, e5. வெள்ளைக்கு இடம் அதிகம். திறந்திருப்பது a வரிசை ஒன்றுதான். வெள்ளை யானை a2-இல், கறுப்பு யானை a8-இல், நேருக்கு நேர். வெள்ளையின் இன்னொரு யானை e1-இல், கறுப்பின் இன்னொன்று c8-இல்.

வெள்ளைக்கு என்ன வேண்டும்? e1 யானையை a1-க்குக் கொண்டுவந்து, இரண்டு யானைகளையும் ஒன்றன் பின் ஒன்றாக அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். ஆனால் b1-இல் பிஷப் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த பிஷப்பை c2-க்கு நகர்த்தினால் என்ன என்று வகுப்பில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஆடிப் பாருங்கள். a2 யானையைக் காப்பவை இரண்டே காய்கள்: b1 பிஷப்பும், இரண்டாம் வரிசை வழியாக d2 ராணியும். பிஷப் c2-க்குப் போனால் தன் காவலும் போய்விடும், ராணியின் வழியையும் மறித்துவிடும். 24...Rxa2, யானை சும்மா போயிற்று. நல்ல திட்டம்தான், ஆனால் இப்போது ஆட முடியாது.

சரி, யானைகளை மாற்றிக்கொள்ளலாமா? 24.Rxa8 Rxa8 என்றால் வரிசை கறுப்புக்குப் போய்விடும். ராஜா பக்கம் f4 தள்ளுவதற்காக 24.Nh2 என்று குதிரையை நகர்த்தினால்? அப்போது படி 2-ஐச் செய்ய வேண்டும்.

முறையைக் கறுப்புக்குக் கொடுங்கள். உன்சிக்கரின் கடைசி நகர்த்தல்களே அவர் மனதைச் சொல்கின்றன. 14-ஆவது முறையில் b8-க்குப் போன யானை 18-இல் a8-க்கே திரும்பி வந்தது. 19-இல் மற்ற யானை c8-க்கு வந்தது. 23-இல் ராணி d8-க்கு வந்து பின்வரிசையில் சேர்ந்துகொண்டது. எல்லாம் a8-ஐ நோக்கி. அவருக்கு வேண்டியது 24...Rxa2, வெள்ளை திருப்பி வெட்டியதும் 25...Ra8. ஒரு ஜோடி யானை போகும், திறந்த வரிசையில் கறுப்பு உட்காரும், இடநெருக்கடி குறையும். மிரட்டல் என்று சொல்ல இதில் எதுவுமில்லை. எந்தக் காயும் விழப்போவதில்லை. ஆனால் வெள்ளையின் சாதகத்தில் பெரும் பங்கு கரைந்துவிடும்.

கார்போவ் ஆடியது 24.Ba7. e3-இல் இருந்த பிஷப்பை d4, c5, b6 வழியாகக் கொண்டுபோய், கறுப்பு யானையின் மூக்குக்கு நேராக a7-இல் வைத்தார்.

முதலில் பாதுகாப்பு. a7 பிஷப்பை a2 யானை காக்கிறது. 24...Rxa7 25.Rxa7 என்றால் கறுப்பு யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கியதாகும், அது நட்டம். கறுப்புக் குதிரையால் பிஷப்பை எளிதில் தொடவும் முடியாது. அதற்கு c6 கட்டம் வேண்டும், அதை d5 சிப்பாய் மூடியிருக்கிறது. c8-இலோ அவர்களுடைய யானையே நிற்கிறது.

அடுத்து, கறுப்பின் ஆசை என்ன ஆயிற்று? a வரிசை மூடிவிட்டது, மாற்று வெட்டு நடக்காது. கூடவே b8 கட்டமும் பிஷப்பின் பிடியில், அதனால் c8 யானை அங்கே வர முடியாது.

மூன்றாவதுதான் அழகு. சற்றுமுன் ஆட முடியாமல் இருந்த Bc2 இப்போது ஆடக்கூடியதாகிவிட்டது, ஏனென்றால் a8 யானையால் a2-ஐ எட்டவே முடியாது. கார்போவ் 25.Bc2, 26.Rea1 என்று ஆடி இரண்டு யானைகளையும் பிஷப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். பிஷப்பை எப்போது விலக்கினாலும் வரிசை வெள்ளைக்கு. அது எப்போது என்பது வெள்ளையின் விருப்பம். கறுப்பு யானைகளோ காவலை விட்டு அகல முடியாது.

இதுவரை சொன்ன மூன்றாம் படியில் h3 பாஸாகிறது. a7 பிஷப் நான்காம் படியிலும் பாஸாகிறது. தடுத்தது, தன் திட்டத்தையும் நடக்க வைத்தது. தடுப்பு நகர்த்தல் இரண்டு மூன்று கிடைத்தால் இந்த அளவுகோலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த a7 வழி எப்படித் திறந்தது? 22-ஆவது முறை வரை கறுப்புச் சிப்பாய் c5-இல் இருந்தது, e3 பிஷப்பின் பாதையை மறைத்துக்கொண்டு. 22...c4 என்று தள்ளியதும் பாதை திறந்தது. படி 1-இல் 'எது திறந்துகொண்டது' என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

படி 5: தடுத்த பிறகு மறுபடியும் கேளுங்கள்

ஒரு ஆசையை அடைத்தவுடன் எதிராளி இன்னொன்றைத் தேடுவான். பள்ளத்தூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எதிராளியின் குதிரை நல்ல கட்டத்துக்கு வருவதை அழகாகத் தடுத்துவிட்டு, அடுத்த நான்கு நகர்த்தலுக்கு அந்தக் குதிரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபக்கத்தில் சிப்பாயைத் தள்ளித் திறந்துவிட்டான். "அவனுக்கு என்ன வேணும்னு பார்த்துட்டேனே சார்" என்றாள். "எப்பம்மா பார்த்தே?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் தாளில் நகர்த்தல் எண்ணைத் தேடினாள். அமைதியான நிலை இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் படி 2 புதிதாகத் தொடங்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தடுத்துக்கொண்டே இருப்பது. a7 பிஷப்புக்கு அப்புறம் கார்போவ் a வரிசையையே கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கறுப்பு அங்கே கட்டிப்போடப்பட்டதும் 29.Nh2, 30.f4, 31.f5 என்று ராஜா பக்கம் திரும்பினார். 34.Bd1, 35.Bh5 என்று வெள்ளைக் கட்ட பிஷப்பை வளைத்துக் கொண்டுவந்து, கறுப்பு ராஜாவின் பக்கத்து வெள்ளைக் கட்டங்களைக் காத்த f7 பிஷப்பை 41-இல் மாற்றிக்கொண்டார். அதற்குப் பின் ராணி h5, g6 என்று உள்ளே போயிற்று. இத்தனை நேரமும் a7 பிஷப் ஒரு முறைகூட நகரவில்லை. உங்கள் தாளில் தொடர்ந்து மூன்று நான்கு நகர்த்தல் தடுப்பாகவே இருந்து, உங்கள் காய் எதுவும் நல்ல இடத்துக்குப் போகவில்லை என்றால் நின்று யோசியுங்கள். அவன் ஆசைகளைத் துரத்திக்கொண்டு நீங்கள் பின்னால் ஓடுகிறீர்கள்.

எங்கே இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வலுவான நேரடித் தாக்குதல் இருந்து, அது அவனுடைய திட்டத்தைவிட முந்தும் என்று கணக்கிட்டுவிட்டீர்களா? தாக்குங்கள். காய்கள் வெட்டிக்கொண்டிருக்கும் நடுவில் இந்தக் கேள்விகளுக்கு நேரமில்லை, அங்கே கணக்குதான் வேண்டும். பிளிட்ஸ் ஆட்டத்தில் ஐந்து படியையும் போட முடியாது, படி 1-ஐ விடாமல் செய்தாலே போதும். நீண்ட நேர ஆட்டத்திலும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் இதற்குச் செலவிட்டால் கடிகாரம் தின்றுவிடும். வழக்கமான முறைகளில் சில நொடிப் பார்வை, ஆட்டத்தின் போக்கு மாறும் இரண்டு மூன்று இடங்களில் நீண்ட யோசனை. சிப்பாய் அமைப்பு மாறியது, ராணிகள் மாறின, வரிசை திறந்தது, இவைதான் அந்த இடங்கள்.

பயிற்சி

வகுப்பில் பயிற்சி ஆட்டம் ஆடும்போது, பத்தாவது நகர்த்தலுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தனித்தாளில் 'அவன் ஆசை' என்று ஒரு வரி எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தாளை மாற்றிக்கொள்வார்கள். எதிராளியே 'ஆமா, அதான் நெனச்சேன்' என்றோ 'அது எனக்குத் தோணவே இல்லை' என்றோ சொல்லிவிடுவான். எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் முன்னேற்றம் தானாகத் தெரியும். இரண்டாவது பதிலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். எதிராளிக்குத் தோன்றாத நல்ல திட்டத்தை நீங்கள் கண்டிருக்கலாம், இல்லாத பூதத்தையும் கண்டிருக்கலாம். பலகையில் வைத்து ஆடிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இதைப் பயிற்சி ஆட்டத்தில் மட்டும் செய்யுங்கள். போட்டியில் ஆட்டத்தின் நடுவே இப்படிக் குறிப்பு எழுதுவது விதிக்கு எதிரானது, நடுவர் நடவடிக்கை எடுக்கலாம்.

தனியாகப் பயிற்சி செய்ய இதே ஆட்டத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. 15...axb5 வரை வைத்துவிட்டு, அடுத்த நகர்த்தலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் d8 குதிரையைப் பாருங்கள். கறுப்புக்கு இரண்டு மூன்று முறை இலவசமாகக் கிடைத்தால் அந்தக் குதிரை எங்கே போக விரும்பும்? முதலில் b7. பிறகு c சிப்பாயை c4-க்குத் தள்ளி, காலியான c5-இல் குதிரையை உட்கார வைக்கும். அங்கே வந்துவிட்டால் அது பலகையின் மிக நல்ல குதிரைகளில் ஒன்று. இப்போது கையை எடுங்கள்: 16.b4. c5 கட்டத்தை வெள்ளைச் சிப்பாய் பிடித்துவிட்டது. 22-இல் கறுப்பு c4 தள்ளியபோதும் குதிரையால் c5-க்கு வர முடியவில்லை. மீதி நகர்த்தல்களையும் ஆடிப் பார்த்து அந்த ஒரு குதிரையை மட்டும் கவனியுங்கள். b7, d8, மறுபடி b7, மறுபடி d8, பிஷப்பை வெட்டிய சிறிய சுற்றில் f7, திரும்பவும் d8. 44-ஆவது நகர்த்தலில் உன்சிக்கர் விட்டுக்கொடுத்தபோது அது d8-இல்தான் நின்றது.